ஸ்கேன் முன்பதிவு நடைபெறுகிறது

செய்தி வந்தது காலை ஒன்பதே கால் மணிக்கு, சோதனைக்காக வைத்திருக்கும் போனில்.

அந்தப் போனுக்கு அழைப்பு வருவதே எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலை. நாங்கள் செய்துகொடுத்த ஆஸ்பத்திரி ஆப்பைத் திறந்து, ஸ்கேனுக்கு நேரம் பிடித்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படம் எடுக்கும் கட்டம் வரை கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். அப்போது திரையில் 'தடங்கல் 1' என்று பெயர் வந்தது. அது அண்ணியின் எண். பக்கத்து நாற்காலிக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், தன் மனைவியின் எண்ணை அந்தப் பெயரில்தான் சேமித்து வைத்திருந்தார். மகள் 'தடங்கல் 2'. ஒரு வேலை பாதியில் இருக்கும்போது அழைப்பு வந்தால் ஆப் என்ன செய்கிறது என்று பார்க்க, சொன்ன நேரத்தில் கூப்பிட அவருக்கு ஆள் வேண்டும். "ரிங் போனா போதும், பேச வேண்டாம்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். பல வருடங்களாக அண்ணி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார், ஒரு தடவையும் பேசியதில்லை.

நல்ல நேரத்தில்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"தங்கச்சி, இது டெஸ்ட் இல்லமா" என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. குளித்துவிட்டுச் சட்டை போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. பேசி முடித்துப் போனைக் கீழே வைத்தபோது ஆப் விட்ட இடத்திலேயே நின்றது. பிடித்த நேரம் பத்திரம், நிரப்பிய விவரங்கள் பத்திரம், படம் எடுக்கச் சொல்லும் பொத்தானும் அப்படியே. சோதனைக் கணக்கில் அது பாஸ்.

அலுவலகத்தில் அவருக்குத் தடங்கல் என்றே பெயர். முதலாளியிலிருந்து காபி போடுகிற அக்கா வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. "சும்மா வர்ற பட்டமா, சம்பளம் வாங்கி வாங்கின பட்டம்" என்பார். முதலில் அவர் மின்தடைப் புகார்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதும் வேலையில் இருந்தவர். "எங்க தெருவில கம்பி அறுந்து..." என்று ஒருவர் ஆரம்பிப்பார், லைன் போய்விடும். எந்தத் தெரு, ஆளுக்கு ஏதாவது ஆனதா, தெரியாது. பாதியில் அறுந்த பேச்சுக்கு மீதி என்ன என்று யோசிக்கிற வியாதி அங்கே பிடித்ததுதான் என்று சொல்வார். எங்கள் வேலைக்கு அந்த வியாதிதான் தகுதி.

ஆப் செய்கிறவர்கள் எல்லாரும் ஓர் ஆளை மனதில் வைத்துச் செய்கிறார்கள். அந்த ஆள் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார், சார்ஜ் நிறைய இருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள், எதைக் கேட்டாலும் 'அனுமதிக்கிறேன்' என்று அமுக்குவார். அப்படி ஓர் ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்பார் அண்ணன். அவருடைய ஆள் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பொத்தானை அமுக்குவான், உடனே மாமியார் கூப்பிடுவார். பேசிவிட்டு வருவதற்குள் பழைய போன், இடம் போதவில்லை என்று, பின்னால் கிடக்கும் ஆப்பைத் தூக்கி எறிந்திருக்கும். கேமராவுக்கு அனுமதி கேட்டால், "இவனுக்கு எதுக்கு என் கேமரா?" என்று மறுப்பான். மறுத்த பிறகு ஆப் முழிக்குமா, வேறு வழி காட்டுமா? அமுக்கியது சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா? திரும்பி வந்தவனிடம் ஆப் உண்மையைச் சொல்லுமா, ஒன்றும் நடக்காத மாதிரி முதல் பக்கத்தைக் காட்டுமா? இவற்றைப் பார்ப்பதற்காகக் காலையிலிருந்து மாலை வரை அவர் அந்த ஆளாக இருப்பார்.

அவர் மேஜை மேல் பழைய போன்கள் வரிசையாகக் கிடக்கும். இரண்டு மூன்றில் சார்ஜ் சாகக் கிடக்க வேண்டும். அதற்காக டார்ச்சைப் போட்டு, திரை வெளிச்சத்தை ஏற்றி, வீடியோ ஓடவிட்டு, அரைநாள் பாடுபட்டு வடிப்பார். கடைசிச் சொட்டில் பொத்தானை அமுக்கி, போன் செத்து, மறுபடி உயிர் வந்ததும் ஆப் என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும். அவர் சாப்பிடப் போய் வருவதற்குள் காபி அக்கா எல்லாவற்றையும் சார்ஜில் போட்டிருப்பார்.

"என்னக்கா இது! காலையிலிருந்து வடிச்சதுக்கா!"

"பாவம், சிவப்புல துடிச்சிட்டிருந்துச்சு. கண்ணால பாத்துட்டு எப்படிப் போறது?"

"துடிக்கணும்க்கா. துடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

"ஒங்களுக்கெல்லாம் மனசே இல்ல" என்று அவர் போய்விடுவார். 'சார்ஜ் போடாதீர்கள்' என்று அண்ணன் பெரிதாக எழுதி ஒட்டினார். அந்தக் காகிதத்தை நகர்த்தி வைத்துவிட்டு அக்கா சார்ஜ் போட்டார்.

வீட்டிலும் அவரை நம்பி எந்த முன்பதிவையும் விடுவதில்லை. ஒரு கோடை விடுமுறைக்கு ரயில் டிக்கெட் போட உட்கார்ந்தவர், கடைசிப் பொத்தானை அமுக்கிய கையோடு போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டார். ஆப் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்தாராம். தாக்குப்பிடிக்கவில்லை. குடும்பம் கழிவறைக் கதவோரம் நின்றுகொண்டே ஊருக்குப் போனது.

"அப்பா, நீங்க அவங்க கம்பெனியில வேலை செய்யலயே! அவங்க ஆப் எப்படி இருந்தா ஒங்களுக்கென்ன?" என்று மகள் கேட்டிருக்கிறாள்.

"ரிப்போர்ட் எழுதி அனுப்பிட்டேன்ல" என்றாராம் இவர், நின்றபடியே.

இனி அந்தக் கோளாறு.

ஆஸ்பத்திரி ஆப்பில் ஸ்கேனுக்கு ஒரு நேரத்தைத் தொட்டால் அது உங்கள் பெயரில் பிடித்து வைக்கப்படும். மருத்துவர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் உறுதியாகும். கால்மணி நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் அந்த நேரம் விடுபட்டு இன்னொருவருக்குப் போகவேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கால்மணியை எண்ணி, 'விட்டுவிடு' என்று சர்வருக்குச் சொல்லும் வேலையை எங்கள் டெவலப்பர் ஆப்பிடமே கொடுத்திருந்தான். நடுவில் அழைப்பு வந்து, கேமராவும் திறந்து, பழைய போன் ஆப்பைக் கொன்றுவிட்டால், செத்த ஆப் எப்படிச் சொல்லும்? அந்த நேரம் யாருக்கும் இல்லாமல் நிற்கும். நோயாளி மறுபடி முயன்றால், 'உங்கள் பெயரில் ஒரு முன்பதிவு நடைபெறுகிறது' என்று வரும். புதிதாகப் பிடிக்கவும் முடியாது, பழையதை முடிக்கவும் முடியாது.

அண்ணன் இதைக் கண்டுபிடித்து எழுதினார். டெவலப்பர் தன் போனில் செய்து பார்த்தான். புத்தம்புதுப் போன், நினைவகம் கடல் மாதிரி, எதையும் கொல்லவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. 'மீண்டும் வரவில்லை' என்று எழுதி மூடிவிட்டான். அண்ணன் கணினியிலிருந்து கட்டளை கொடுத்து ஆப்பைக் கொன்று காட்டினார்.

"அண்ணே, இது நீங்களா கழுத்தை நெரிச்சது. இயற்கையா சாகணும்ல?"

"போன் கொல்றதும் இதேதான்பா."

"ஸ்கேன் புக் பண்றப்ப கால் வந்து, அதைப் பேசி, அப்புறம் கேமரா திறந்து... யாருண்ணே இவ்வளவு பண்ணுவா?"

"நோயாளி பண்ணுவான்."

எங்கள் குழுத் தலைவர் சமாதானத்துக்கு வந்தார். அவருக்கு வெளியீட்டுத் தேதி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். "தடங்கல் சார், நிஜ ஆளுக்கு, நிஜப் போன்ல, ஒரே ஒரு தடவை வரட்டும். அன்னிக்கே நான் சரிபண்ணச் சொல்றேன். என் வார்த்தை" என்றார். ஆப் வெளியானது. அண்ணன் நிஜ ஆளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு நெஞ்சில் இறுக்கம். மாடி ஏறினால் நடுப்படியில் நின்றுவிடுவார். மருத்துவர் பார்த்துவிட்டு, "நாளைத் தள்ளாம ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எடுக்கவேண்டிய இடம் அதே ஆஸ்பத்திரி. மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி தன் சொந்தப் போனில், எந்தக் குறும்பும் பண்ணாமல், ஒழுங்கான நோயாளியாக வெள்ளிக்கிழமை காலை ஒரு நேரத்தைப் பிடித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அண்ணி கூப்பிட்டார். சோதனைக்காக இல்லை. குளியலறை பல்ப் போய்விட்டது, வரும்போது வாங்கிவரச் சொல்ல. எத்தனை வாட், வெள்ளையா மஞ்சளா என்று பேசி முடித்து, கேமராவைத் திறந்து சீட்டைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், ஆப் முதல் பக்கத்தில் நிற்கிறது. மறுபடி முயன்றார். 'உங்கள் பெயரில் ஒரு முன்பதிவு நடைபெறுகிறது.'

மறுநாள் காலை அவர் வந்த வரவை நான் மறக்கமாட்டேன். நெஞ்சு வலிக்காரர் மாதிரியே இல்லை.

"கிடைச்சுடுச்சு தங்கச்சி!"

"ஸ்கேனுக்கு நேரம் கிடைச்சுதாண்ணே?"

"அது இல்லம்மா. கோளாறு! இயற்கை மரணம்!"

போனை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார். நான் கேட்டது ஒன்றுதான். "சரிண்ணே, ஸ்கேன்?"

"அதான் மாட்டிக்கிச்சே."

"ஆஸ்பத்திரி கவுண்டருக்கு ஒரு போன் போட்டா, விடுவிச்சு வேற நேரம் குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க. விடுவிச்சா இது போயிடும். அப்புறம் அவன் வந்து, எங்கண்ணே, காட்டுங்கன்னு கேப்பான். நான் எதைக் காட்டறது?"

டெவலப்பர் அப்போது சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தான். திங்கட்கிழமைதான் வருவான். நிஜ சர்வரைத் திறந்து பார்க்கும் உரிமை அவனுக்கும் தலைவருக்கும் மட்டும் உண்டு. தலைவரிடம் போனோம். "அவனே வந்து பாக்கட்டுமே சார், நான் பாத்தா அவன் ஈகோ அடிபடும்" என்று அவர் நழுவினார். ஆகவே திங்கள் வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று அண்ணன் முடிவு செய்தார். போனுக்குள் என்னென்ன நடந்தது என்று அது எழுதி வைத்திருந்த குறிப்புகளை அன்றே கணினியில் எடுத்து வைத்துவிட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தப் போனை வீட்டு அலமாரியில் சார்ஜோடு சேர்த்து வைத்து, 'சார்ஜை எடுக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு போன் சாகாமல் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அண்ணி எனக்கு ஒரு நாள் கூப்பிட்டார், என் எண்ணுக்கு. "தங்கச்சி, நீயாச்சும் சொல்லும்மா. வேற எடத்துல எடுத்துக்கலாம்னா, அங்க எடுத்தா இது தேவையில்லன்னு ஆயிடுமாம். என்ன மனுஷன்மா இவரு?"

சொன்னேன். திட்டியும் பார்த்தேன். "நெஞ்சு இருந்தாத்தானேண்ணே நிரூபிக்க முடியும்?" என்று கேட்டதற்கு, "திங்கக்கிழமை வரைக்கும்தானே! பத்து நிமிஷம் காட்டிட்டு, அன்னிக்கு சாயங்காலமே வேற எடத்துல எடுத்துடறேன். சத்தியமா" என்றார். அவர் சத்தியம் செய்தால் நிறைவேற்றுகிறவர். தேதிதான் எப்போதும் கொஞ்சம் தள்ளும்.

திங்கட்கிழமை டெவலப்பர் சீக்கிரமே வந்துவிட்டான். கல்யாண வீட்டு இனிப்பை எல்லார் மேஜையிலும் வைத்தான். "எங்க நம்ம தடங்கல் அண்ணன்? ஏதோ பெரிய ஆதாரம் வெச்சிருக்காராமே, வரட்டும், நானும் ரெடி" என்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அண்ணன் கேட்டுக்கொண்டபடி அதே கட்டங்களைச் சோதனைப் போனில் நான் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் 'தடங்கல் 1' கூப்பிட்டது. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவன், கையிலிருந்த இனிப்பு டப்பாவை மூடத் தெரியாமல் நின்றான்.

அவர் வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள். உள்ளே அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எங்கள் தலைவர் அவருக்கு முன்னால் மண்டியிட்ட மாதிரி குனிந்து, "ரொம்பப் பொறுப்பான மனுஷன்மா. எந்த வேலையையும் பாதியில விடமாட்டார்" என்றார். அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். மகள்தான் எழுந்து போய், அலமாரியிலிருந்த போனைச் சார்ஜரோடு பிடுங்கிக் கொண்டுவந்து டெவலப்பர் கையில் வைத்தாள்.

"அப்பா இதை ஒங்ககிட்ட காட்டணும்னு இருந்தாரு. பாருங்கண்ணா."

அவன் அங்கே வேண்டாம் என்பது போல என்னைப் பார்த்தான். பிறகு திறந்தான். 'உங்கள் பெயரில் ஒரு முன்பதிவு நடைபெறுகிறது.' "வந்துடுச்சு" என்றான், மெதுவாக, யாரிடம் என்றில்லாமல். துக்கம் விசாரிக்க வந்திருந்த ஒரு பெரியப்பா, "யாரு வந்தது?" என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்கு நான் பிறகு ஒரு நாள் போனேன். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள், அந்த வெள்ளிக்கிழமை காலை நேரம் அவர்கள் திரையில் அண்ணன் பெயரில்தான் இருந்ததாம். ஆள் வருவார் என்று இயந்திரத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். "உறுதி ஆகலன்னாலும், சீட்டோட நேர்ல வந்திருந்தா எடுத்திருப்போமே மேடம்" என்றாள். அந்த நேரத்தில் அண்ணன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திங்கட்கிழமை எதை முதலில் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார்.

தலைவர் வார்த்தை தவறவில்லை. நிஜ ஆள், நிஜப் போன், ஒரே ஒரு தடவை. கோளாறு மறுபடி திறக்கப்பட்டு எல்லாவற்றுக்கும் முதலாவதாக வைக்கப்பட்டது. டெவலப்பர் ஒரு காலையில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டான். கால்மணியை எண்ணும் வேலை இப்போது சர்வருக்கு. ஆப் செத்தாலும், போன் செத்தாலும், ஆளே இல்லாவிட்டாலும், நேரம் முடிந்தால் அது விடுபட்டுவிடும். திறந்ததும் ஆப் முதலில் சர்வரிடம் நிலையைக் கேட்கும். பாதியில் விட்ட விவரங்கள் பழைய ஆப்பிலேயே போனுக்குள் சேமிப்பாகிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. திரும்ப வரும்போது எடுத்துப் படிக்கத்தான் யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. இப்போது படிக்கிறது. சர்வரைத் தேடிப் பார்த்ததில் அண்ணனைப் போல இன்னும் பலர் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். அவர்களில் யாரும் புகார் எழுதவில்லை. கவுண்டருக்குப் போன் போட்டு வேறு நேரம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஒழுங்கான மனிதர்கள்.

சரிசெய்ததை யாராவது சோதித்துப் பார்த்தால்தான் மூட முடியும். அது எங்கள் வழக்கம். எந்தப் போனில் வந்ததோ அந்தப் போனிலேயே பார்க்கவேண்டும் என்பது அண்ணனுடைய வழக்கம். அண்ணியிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போம்மா. சார்ஜ் மட்டும் போட்டு வெச்சுக்க" என்று கொடுத்தார்.

புதிய ஆப்பைப் பழையதின் மேலேயே ஏற்றித் திறந்தேன். 'நீங்கள் பிடித்த நேரம் காலாவதியாகிவிட்டது. மற்ற விவரங்கள் பத்திரமாக உள்ளன. புதிய நேரத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடரலாம்' என்று வந்தது. கீழே அவர் பெயர், வயது, எதற்காக என்ற இடத்தில் 'நெஞ்சு இறுக்கம்', எல்லாம் அவர் தட்டெழுதியபடி. மரியாதையான வாசகம். இதற்காகத்தான் அவர் சண்டை போட்டார்.

அதை மூடிவிட்டு, அதே போனில் சோதனைக் கணக்கு ஒன்றில் நுழைந்து வேலையை ஆரம்பித்தேன். என் தம்பியைக் கூப்பிடச் சொல்லி அழைப்பைச் சோதித்தேன். ஆப்பைப் பின்னால் தள்ளி, வேறு பத்து ஆப்களைத் திறந்து சாகடித்துப் பார்த்தேன். டார்ச்சைப் போட்டுச் சார்ஜை வடித்தேன். காபி அக்கா வந்து, சிவப்பில் துடிப்பதைப் பார்த்து, சார்ஜில் போடாமல் போனார். மூன்றும் பாஸ்.

மீதி இருப்பது அனுமதி மறுப்பு. ஆப்பைப் புதிதாக நிறுவி, கேமராவுக்கு முதல் தடவை கேட்கும்போதே மறுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு இப்போது இருக்கும் ஆப்பை நீக்கவேண்டும். நீக்கினால் உள்ளே சேமித்திருக்கும் அவருடைய பாதி முன்பதிவும் சேர்ந்து போய்விடும்.

அந்தச் சோதனையை நான் இன்னும் செய்யவில்லை.